‘ப்படும்’ ஒரு பக்கம், ‘லாம்’ இன்னொரு பக்கம்

மதுரையிலிருந்து அந்த வியாபாரி தொலைபேசியில் கேட்ட கேள்வி இதுதான்: “ஏம்மா, எந்தக் கிடங்குல இறக்குவாங்க? உங்க கிடங்கா, லாரிக்காரங்க கிடங்கா, நம்ம கிடங்கா?”

நான் எழுதிய மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன். “லாரிக்காரர்கள் தங்கள் கிடங்கில் சரக்கை இறக்குவார்கள்” என்று இருந்தது. அவருடைய கிடங்கு என்ற எண்ணத்தில், மரியாதைக்காகத் ‘தங்கள்’ போட்டிருந்தேன். அவருடைய கணக்குப்பிள்ளை அதை லாரிக்காரர்களின் சொந்தக் கிடங்கு என்று படித்துவிட்டு, மூட்டைகளை எடுத்துவர லாரி ஆபீசுக்கு ஒரு வண்டியை அனுப்பிவிட்டார். அவர் படித்ததில் தவறே இல்லை. தமிழில் ‘தங்கள்’ என்பது ‘உங்கள்’ என்பதன் மரியாதை வடிவம். ‘தம்முடைய’ என்ற பொருளும் அதற்கு உண்டு. அந்த வாக்கியத்தில் ‘லாரிக்காரர்கள்’ என்ற பன்மை எழுவாய் முன்னால் நிற்கிறது. படிப்பவர் கண் இயல்பாக அதோடுதான் ‘தங்கள்’ என்பதைச் சேர்க்கும். ‘உங்கள் கிடங்கில்’ என்று எழுதியிருந்தால் ஒரு வண்டி வீணாக அலைந்திருக்காது.

அதுவரை மரியாதை என்றால் உயர்ந்த சொல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்துதான் யாருக்கு எப்படி எழுதுகிறோம் என்பதைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

நான் குன்னூரில் தேயிலைத்தூள் அனுப்பும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஆலைகளிலிருந்தும் ஏலத்திலிருந்தும் வாங்கிய தூளைக் கலந்து, மூட்டையாகக் கீழே சமவெளி வியாபாரிகளுக்கு அனுப்புகிறோம். எங்களிடம் வாங்குபவர்களில் பாதிப் பேர் மதுரை, விருதுநகர், திண்டுக்கல் பக்கத்து மொத்த வியாபாரிகள். தொலைபேசியில்தான் பேரம் நடக்கும். ஆனால் அளவு, விலை, தேதி மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று அவர்கள் கணக்குப்பிள்ளைகள் கேட்பதால் தமிழில் மின்னஞ்சல் எழுதுகிறோம். அலுவலகத்துக்குள்ளும் அப்படித்தான். கிடங்கு மலைக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது, கணக்குப் பிரிவு மார்க்கெட் பக்கம், நான் இன்னொரு கட்டடத்தில். ஆக ஒரு நாளில் ஒரே விஷயத்தை வெளியே ஒரு முறை, உள்ளே ஒரு முறை என்று இரண்டு விதமாக எழுத வேண்டியிருக்கும்.

அந்த இரண்டு விதமும் ஒரே வாரத்தில் காலை வாரிவிட்ட கதையைச் சொல்கிறேன்.

ஓர் ஐப்பசி மாதம். வடகிழக்குப் பருவமழை இங்கே எப்படி இறங்கும் என்பது மலைக்காரர்களுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மதுரை வியாபாரிக்கு 60 மூட்டை சூப்பர் ரெட் டஸ்ட் ரகத் தூள், மூட்டைக்கு 35 கிலோ, மொத்தம் 2,100 கிலோ ஏற்றி, தார்ப்பாய் கட்டி, வண்டியோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்சீட்டான இ-வே பில்லும் எடுத்தாயிற்று. அன்று இரவு வண்டி கிளம்ப வேண்டும். ஏழு மணி வாக்கில் பர்லியாறு பக்கம் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலையை மூடிவிட்டார்கள். சின்ன வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிட்டார்கள். கனரக வண்டிகள் நிற்க வேண்டியதுதான்.

புதன் காலை வியாபாரிக்கு எழுதினேன்:

“மதிப்பிற்குரிய ஐயா, தங்களுக்கு அனுப்பப்படவிருந்த சரக்கு தவிர்க்க இயலாத காரணங்களால் தாமதப்பட்டுள்ளது என்பது வருத்தத்துடன் தெரிவிக்கப்படுகிறது. விரைவில் ஆவன செய்யப்படும்.”

எழுதும்போது மிக மரியாதையான கடிதம் என்றே நினைத்தேன். அரை மணி நேரத்தில் அவர் கூப்பிட்டார். கோபப்படவில்லை. “படிச்சேம்மா. யார் செய்வாங்க, எப்ப செய்வாங்கன்னு ஒண்ணும் புரியலையே” என்றார்.

அந்த மூன்று வரியை இப்போது எடுத்துப் பார்த்தாலும் எனக்கு உறுத்துகிறது. ‘அனுப்பப்படவிருந்த’, ‘தெரிவிக்கப்படுகிறது’, ‘செய்யப்படும்’. மூன்று வினையிலும் செய்கிறவர் இல்லை. தமிழில் சாதாரண வினைமுற்று ஆளைக் காட்டிவிடும். ‘அனுப்புகிறேன்’ என்றால் நான். ‘அனுப்புகிறோம்’ என்றால் நாங்கள். ‘அனுப்பப்படும்’ என்றதும் முடிவு சரக்கோடு சேர்ந்துவிடுகிறது, அனுப்புகிற ஆள் மறைந்துவிடுகிறார். சுற்றறிக்கைக்கு அது சரிதான், அங்கே யார் என்பது முக்கியமில்லை. 2,100 கிலோ தூளுக்காகக் காத்திருக்கும் ஒருவருக்கு ‘யார்’ என்பதுதான் முதல் கேள்வி. ‘தவிர்க்க இயலாத காரணங்கள்’ என்பதும் அப்படித்தான். மண் சரிந்தது என்று சொன்னால் அவர் தொலைக்காட்சியில் பார்த்து உறுதி செய்துகொள்வார். சொல்லாமல் விட்டால் நான் எதையோ மறைக்கிறேன் என்றுதான் தோன்றும்.

சரி, முறைசார்ந்த நடை வேண்டாம் என்று அப்படியே பேச்சுக்குத் தாவிவிடலாமா? அதையும் எழுதிப் பார்த்தேன்: “ஐயா, ரோடு மூடிட்டாங்க, லாரி இங்கேயே நிக்குது, திறந்ததும் வந்துடும்.” இதில் ஒரு நேர்மை இருக்கிறது. தொலைபேசியில் இதைத்தான் சொல்வேன். ஆனால் எழுத்தில் அது அவர் மகனுக்குப் போகும், கணக்குப்பிள்ளைக்குப் போகும், ஆறு மாதம் கழித்துக் கணக்குப் பார்க்கும்போது யாரோ திறந்து படிப்பார்கள். அவர்களுக்கு என் குரல் தெரியாது. குரலோடு சேர்த்துக் கேட்டால் பணிவாக இருக்கும் ‘வந்துடும்’, தாளில் அலட்சியமாகத் தெரியும். ‘வந்துடும்’ என்பதிலும் பாருங்கள், சரக்கு தானே வருகிறது, அனுப்புகிறவர் இல்லை.

கடைசியில் அனுப்பியது இது:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நீங்கள் கேட்ட 60 மூட்டை செவ்வாய் இரவு கிளம்பவில்லை. பர்லியாறு அருகே மண் சரிந்ததால் லாரிகளை மேட்டுப்பாளையம் சாலையில் விடவில்லை. வண்டி எங்கள் வளாகத்திலேயே நிற்கிறது, சரக்கு நனையவில்லை. சாலை திறந்த அன்றே அனுப்புகிறேன். திறந்தாலும் திறக்காவிட்டாலும் வியாழன் மாலை 5 மணிக்கு நிலவரத்தை உங்களுக்கு எழுதுகிறேன். அதற்குள் அவசரத் தேவை இருந்தால் சொல்லுங்கள். கோவையில் இருக்கும் 12 மூட்டையை உங்களுக்குத் திருப்ப முடியுமா என்று பார்க்கிறேன்.”

தொடக்கம் மட்டும் முறையாக இருக்கிறது. அதற்குப் பிறகு ‘தாங்கள்’ போய் ‘நீங்கள்’ வந்துவிட்டது. யாருக்கும் மரியாதை குறைந்ததாகத் தோன்றாது, ஏனென்றால் வினைமுடிவு இரண்டுக்கும் ஒன்றுதான். ‘தாங்கள் கேட்டீர்கள்’, ‘நீங்கள் கேட்டீர்கள்’ இரண்டிலும் ‘ஈர்கள்’ தான் மரியாதையைச் சுமக்கிறது. ‘சொல்லவும்’ என்று எழுதாமல் ‘சொல்லுங்கள்’ என்று எழுதியதையும் கவனித்தே செய்தேன். ‘சொல்லவும்’, ‘அனுப்பவும்’ எல்லாம் அறிவிப்புப் பலகைத் தமிழ். ‘செருப்பை வெளியே விடவும்’ என்று எழுதி வைத்தால் அது நீ, நீங்கள் என்று யாரையும் குறிப்பிட்டுப் பார்ப்பதில்லை. பொது இடத்தில் அது வசதி. ஒரு மனிதருக்கு நேராக எழுதும்போது அந்த முகமின்மைதான் கொஞ்சம் உரசும்.

இன்னொன்று, ‘அனுப்புகிறேன்’, ‘எழுதுகிறேன்’ என்ற இரண்டும் வாக்குறுதி. ‘முடியுமா என்று பார்க்கிறேன்’ வாக்குறுதி இல்லை. கோவை மூட்டை என் கையில் இல்லை என்பதால் அதை அப்படி எழுதினேன். நடுத்தர நடையில் இந்த வித்தியாசத்தைக் காட்ட இடம் இருக்கிறது. ‘ஆவன செய்யப்படும்’ என்று எழுதினால் இரண்டும் ஒரே மாதிரி ஆகிவிடும்.

வெளியே போன கடிதம் இப்படிச் சரியானது. அதே புதன்கிழமை உள்ளே எழுதியதில் சறுக்கினேன்.

இரவு ஒன்பது மணிக்குக் கணக்குப் பிரிவு அண்ணனுக்கு எழுதியது: “அண்ணா, மதுரை லோடு இன்னும் நிக்குது. இ-வே பில் நாளைக்கு நீட்டிச்சுக்கலாம்.” பத்து வருடப் பழக்கம். அவருக்கு ‘மதிப்பிற்குரிய’ போட வேண்டிய அவசியமே இல்லை. போட்டால் சண்டைக்கு வருகிறேன் என்று நினைப்பார்.

இ-வே பில் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரணச் சரக்கு வண்டிக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கெடு. குன்னூரிலிருந்து மதுரை 200-ஐத் தாண்டும், 400-க்குள் வரும், அதனால் இரண்டு நாள். செவ்வாய் எடுத்த பில் வியாழன் நள்ளிரவோடு முடிகிறது. இயற்கைப் பேரிடர் போன்ற காரணம் காட்டி நீட்டிக்கலாம். ஆனால் கெடு முடிவதற்கு முன் 8 மணி நேரம், பின் 8 மணி நேரம், அதற்குள் செய்தாக வேண்டும். எங்கள் கணக்கில் வியாழன் மாலை 4 மணியிலிருந்து வெள்ளி காலை 8 மணி வரை. வண்டி எண்ணை நாங்களே பதிந்திருந்ததால் நீட்டிக்க வேண்டியவர்களும் நாங்கள்தான்.

நான் சொன்ன ‘நாளைக்கு’ வியாழன். அண்ணன் அந்த மின்னஞ்சலைத் திறந்தது வியாழன் காலை. வியாழனும் வெள்ளியும் குன்னூர் ஏல நாட்கள், அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அவர் படித்த ‘நாளைக்கு’ வெள்ளி. அதைவிடப் பெரிய சிக்கல் ‘நீட்டிச்சுக்கலாம்’. அதை நான் எழுதியபோது ‘நீங்கள் செய்துவிடுங்கள்’ என்று நினைத்தேன். அவர் படித்தபோது ‘தங்கச்சி செய்துகொள்கிறாள், எனக்குத் தகவல் சொல்கிறாள்’ என்று எடுத்துக்கொண்டார். வெள்ளி காலை ஒன்பதரைக்குச் சாலை திறந்துவிட்டது என்று செய்தி வந்தபோதுதான் இருவரும் ஒருவரையொருவர் கேட்டோம். 8 மணி தாண்டிவிட்டது. பழைய விலைப்பட்டியலை ரத்து செய்து, புதிதாக எழுதி, புதிய பில் எடுத்து வண்டி நகர்வதற்குள் இருட்டிவிட்டது. சாலை திறந்த அன்றே அனுப்புகிறேன் என்று எழுதிக் கொடுத்தவள் நான். அந்த வார்த்தை மயிரிழையில்தான் பிழைத்தது.

‘லாம்’ என்ற முடிவை யோசித்துப் பாருங்கள். நான் போகலாம், நீ போகலாம், அவர்கள் போகலாம். ஆள் மாறினாலும் வடிவம் மாறாது. அனுமதி, யோசனை, திட்டம் எல்லாவற்றையும் அதே வடிவம்தான் சொல்கிறது. பேச்சில் அதற்கு ஓர் அழகு உண்டு. ‘செய்’ என்று கட்டளையிடாமல், ‘நான் செய்கிறேன்’ என்று முன்னே நிற்காமல், சேர்ந்து செய்வோம் என்ற தொனியில் விஷயத்தை நடுவில் வைக்கிறோம். நெருக்கமானவர்களிடம் அதனால்தான் அது தானாக வந்துவிடுகிறது. எதிரில் நிற்கும்போது ஒரு தலையசைப்பில் யார் என்பது தீர்ந்துவிடும். எழுத்தில் தலையசைப்பு இல்லை.

ஆக மரியாதையான ‘ப்படும்’ எந்தத் தவறைச் செய்ததோ, அன்பான ‘லாம்’ அதையே செய்தது. இரண்டு கோடியிலும் செய்கிறவர் காணாமல் போகிறார். அன்று முதல் யாருக்கு எழுதினாலும் நான் பார்ப்பது வினையின் வாலைத்தான். ‘ஏன்’, ‘ஓம்’, ‘ஈர்கள்’, ‘ஆர்’ ஏதாவது ஒன்று இருக்கிறதா? அண்ணனுக்கு இப்போதும் ‘நிக்குது’ என்றே எழுதுகிறேன். அதை ‘நிற்கிறது’ ஆக்குவதால் ஒன்றும் கூடாது. ஆனால் “பில்லை நீங்க நீட்டிச்சுடுங்க அண்ணா, வியாழன் 4 மணிக்கு மேல, வெள்ளி காலை 8-க்குள்ள” என்று எழுதுகிறேன். பேச்சு நடை அப்படியே இருக்கிறது, ஆளும் நேரமும் மட்டும் எழுத்து மொழியின் கறாரோடு இருக்கின்றன.

உள்ளே எழுதும்போது நடையை உயர்த்தினாலும் ஆபத்து உண்டு. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பயத்தில் கிடங்கு அண்ணனுக்கு ஒரு முறை, “மூட்டை எண்ணிக்கையைச் சரிபார்த்து அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்” என்று எழுதிவிட்டேன். இலக்கணப்படி எந்தக் குறையும் இல்லை, ஆளும் தெளிவாக இருக்கிறது. அவர் இரண்டு நாள் என்னிடம் டீ குடிக்க வரவில்லை. மூன்றாம் நாள், “நான் என்ன தப்புப் பண்ணினேன்னு நேராவே கேட்டிருக்கலாமே” என்றார். நெருங்கியவருக்குத் திடீரென்று ஏறிய நடை தூரத்தைக் காட்டுகிறது. வழக்கமாக ‘அண்ணா’ என்று தொடங்குகிறவள் அன்று ‘அண்ணா’ இல்லாமல் எழுதியிருந்தேன். அவர் பார்த்தது அந்த வித்தியாசத்தை.

அதே வாக்கியத்தை எங்கள் ஆய்வறை அக்கா எழுதினால் யாருக்கும் வலிக்காது. அவர் கோத்தகிரிப் பக்கத்துப் படுகர் இனத்தவர். வீட்டில் படுக மொழி. தமிழ் பள்ளியில் படித்து வந்தது, அதனால் அவர் எழுத்தில் எப்போதும் புத்தகத் தமிழ்தான். “ஈரப்பதம் கூடுதலாக உள்ளது, இம்மூட்டைகளைப் பிரித்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன், தம்பி” என்று எழுதுவார். புதிதாக வந்த பையன் ஒருவன் முதல் வாரம் பயந்து போய், “அக்காவுக்கு என் மேல கோபமா?” என்று கேட்டான். கோபமில்லை, அவர் நடையே அது. ஒருவர் எழுத்து அவருடைய வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைத்தான் படிக்க வேண்டும் என்று அவனிடம் சொன்னேன். மலையில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டில் பேசுவது ஒரே தமிழ் இல்லை, பலருக்குத் தமிழே இல்லை. வெறும் சொல்லை வைத்து ஒருவர் மனதை அளந்தால் இங்கே தினம் ஒரு மனத்தாங்கல் வரும்.

இன்னும் ஒரு சின்ன விஷயம், ஆனால் பலமுறை பார்த்துவிட்டேன். வாடிக்கையாளரையும் பிரதியில் வைத்து உள்ளே ஒருவருக்கு எழுதும்போது, ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டும் குழம்பும். அலுவலகத்துக்குள் எங்களுக்கு எப்போதும் ‘நாம்’ தான். “நாம் எடை போட்டதில் இரண்டு மூட்டை குறைந்துவிட்டது” என்று கிடங்கு அண்ணனுக்கு எழுதி, மதுரைக்காரரையும் பிரதியில் சேர்த்தால், அவரும் சேர்ந்து எடை போட்டது போல ஆகிவிடும். தமிழில் ‘நாம்’ கேட்பவரையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. தவறை ஏற்றுக்கொள்ளும் வரியில் அது வந்தால், பாதிப் பழியை அவர் தலையில் வைத்த மாதிரி. அதனால் வெளி ஆள் ஒருவர் பிரதியில் இருந்தாலும் நான் ‘நாங்கள்’ என்று மாற்றிவிடுவேன். ‘அண்ணா’ அப்படியே இருக்கட்டும். எங்களுக்குள் அண்ணன் தங்கை என்று அழைத்துக்கொள்வது எந்த வியாபாரிக்கும் குறையாகத் தெரிந்ததில்லை.

மதுரைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். வண்டி சனிக்கிழமை காலை போய்ச் சேர்ந்தது. அவர் எழுதிய பதில்: “அம்மா, சரக்கு வந்தது. மூட்டை 60-ம் சரி. நீ வியாழக்கிழமை சொன்னபடி எழுதினதால கடைக்காரங்களுக்குப் பதில் சொல்ல முடிஞ்சது.”

அதுவரை எழுத்தில் ‘மேடம்’ என்றவர் ‘அம்மா’வுக்கும் ‘நீ’க்கும் வந்திருந்தார். அவர் வயதுக்கு அது உரிமை, பாசம். நானும் ஒரு படி இறங்கினேன், ‘மதிப்பிற்குரிய ஐயா’ போய் ‘ஐயா, வணக்கம்’ ஆயிற்று. அதற்குக் கீழே இறங்கவில்லை. அவர் எனக்கு எழுதும் நடையில் நான் அவருக்கு எழுத முடியாது. வயது ஒரு காரணம். அடுத்த மாதம் விலை ஏறினால் அதையும் நான்தான் எழுத வேண்டும் என்பது இன்னொரு காரணம். பணம், தவறு, தேதி மூன்றும் வருகிற கடிதத்தில் நான் இன்னமும் ‘நீங்கள்’, முழு வாக்கியம், முழு எண் என்றே எழுதுகிறேன். நலம் விசாரிக்கிற வரியில் மட்டும் ‘மதுரையில் மழை எப்படி ஐயா?’ என்று கொஞ்சம் நெகிழ விடுகிறேன்.

உள்ளேயும் பழக்கம் மாறியிருக்கிறது. போன வாரம் விருதுநகர் லோடு பற்றிக் கணக்கு அண்ணனுக்கு அவசரமாக எழுதியதில் பழைய ‘லாம்’ ஒன்று நுழைந்துவிட்டது. இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது:

“தங்கச்சி, ‘பில் போட்டுடலாம்’னு எழுதியிருக்க. யாரு, நீயா நானா?”

“நான்தான் அண்ணா. வெள்ளி காலை 10 மணிக்குள்ள போட்டுடுறேன்” என்று எழுதினேன்.